ஓடிபி யார் கைக்குப் போகிறது?

சுங்குவார்சத்திரத்தில் ஒரு வாடகை அறை. ஆறு பேர் தங்குகிறார்கள், மூன்று ஷிப்ட். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அங்கே போயிருந்தபோது, ஒரகடத்தில் உதிரிபாக ஆலையொன்றில் கான்ட்ராக்டில் வேலை செய்யும் செய்யாறு பக்கத்துத் தம்பி ஒருவர் தன் போனை என்னிடம் நீட்டினார். பிஎஃப் பாஸ்புக் பார்க்க வேண்டும் என்றார். யுஏஎன் எண் சம்பளச் சீட்டில் இருந்தது. கடவுச்சொல் தெரியாது. "Forgot Password" அழுத்தி, எண்ணையும் படத்திலிருந்த எழுத்துகளையும் அடித்தோம். பதிவான கைப்பேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் திரையில் வந்தன.

"இது உன் நம்பரா தம்பி?"

"இல்லண்ணா. பழைய சூப்பர்வைசரோடது. சேர்றப்ப எங்க எல்லாருக்கும் அவர் நம்பரையேதான் போட்டாரு."

அந்த சூப்பர்வைசர் கெட்டவர் இல்லை. ஒரே நாளில் நாற்பது பேரைச் சேர்க்க வேண்டியிருந்தது. பாதிப் பேரிடம் சிம் மாறிக்கொண்டே இருந்தது. ஓடிபி உடனுக்குடன் வர வேண்டுமென்று தன் எண்ணைப் போட்டுவிட்டார். வேலை முடிந்தது. ஆனால் அன்றிலிருந்து அந்தத் தம்பியின் வருங்கால வைப்பு நிதிக்கும் ஓய்வூதியத்துக்குமான சாவி, எங்கே இருக்கிறார் என்றே தெரியாத ஒருவரின் சட்டைப்பையில் இருக்கிறது. பிஎஃப் தளத்தைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் கடவுச்சொல்லைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய கேள்வியாகப் படுவது கைப்பேசி எண்தான்.

யுஏஎன் என்கிற பன்னிரண்டு இலக்க எண் வந்தது 2014இல். அந்த ஆண்டு அக்டோபர் 16 அன்று பிரதமர் அதைத் தொடங்கி வைத்தார். அதுவரை ஒவ்வொரு நிறுவனத்தில் சேரும்போதும் ஒரு புது பிஎஃப் எண் கிடைக்கும். வேலையை விட்டால் அந்த எண் அங்கேயே தங்கிவிடும். யுஏஎன் வந்து இரண்டு வாரம் கடந்ததும், நோக்கியாவின் ஸ்ரீபெரும்புதூர் ஆலை நவம்பர் 1ஆம் தேதி உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கானோர் வேறு வேலை தேடிப் போனார்கள். ஆலைக்கு ஆலை மாறுவதே வாழ்க்கையாகிவிட்ட இந்த வட்டாரத்தில், ஆளோடு கூடவே நடந்து வரும் ஓர் எண் எவ்வளவு தேவை என்பதற்கு அதைவிடத் தெளிவான காட்சி இல்லை. இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் வடகால் என்று நிறுவனம் மாறலாம், கான்ட்ராக்டர் மாறலாம். யுஏஎன் மாறக் கூடாது. ஒவ்வொரு நிறுவனமும் தருகிற உறுப்பினர் எண்கள் அந்த ஒரே யுஏஎன்னுக்குக் கீழே வரிசையாகச் சேர்ந்துகொண்டே போக வேண்டும். அந்த உறுப்பினர் எண்ணின் முதல் ஐந்து எழுத்துகள் எந்த பிஎஃப் அலுவலகத்தின் கணக்கு என்பதைச் சொல்லும். TBTAM என்று தொடங்கினால் தாம்பரம், TNMAS என்றால் சென்னை. வேறு மாநிலத்துக் கான்ட்ராக்டராக இருந்தால் எழுத்துகளும் வேறாக இருக்கும். அதில் தவறில்லை.

சரி, ஓடிபி என்ன செய்கிறது? கடவுச்சொல் என்பது உங்களுக்குத் தெரிந்த ஒன்று. தெரிந்ததை இன்னொருவரும் தெரிந்துகொள்ளலாம். அதனால் உங்களிடம் இருக்கிற ஒன்றையும் சேர்த்துக் காட்டச் சொல்கிறது தளம். அதுதான் உங்கள் சிம். தளம் ஆறு இலக்க எண் ஒன்றை உருவாக்கி, பதிவான கைப்பேசி எண்ணுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்புகிறது. சில நிமிடங்களுக்குள் அதைத் திருப்பி அடித்தால், சிம் உங்களிடம்தான் இருக்கிறது என்று நம்பிக் கதவைத் திறக்கிறது. ஆறு இலக்கம் என்றால் பத்து லட்சம் சாத்தியங்கள். இரண்டு மூன்று முயற்சிக்குள் குருட்டாம்போக்கில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் திருடர்கள் கண்டுபிடிக்க முயல்வதே இல்லை, போன் போட்டு உங்களிடமே கேட்கிறார்கள்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. குறுஞ்செய்தி மனிதருக்குப் போவதில்லை, போனுக்குக்கூடப் போவதில்லை. எண்ணுக்குப் போகிறது. இந்த எண் இப்போது எந்த சிம்மில் இருக்கிறது என்று ஒவ்வொரு தொலைத்தொடர்பு நிறுவனமும் ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. செய்தி வந்ததும் அதைப் பார்த்து, அந்த சிம் இருக்கும் டவருக்கு அனுப்பிவிடும். பதிவேட்டில் சிம் மாறினால் ஓடிபியும் அந்த நொடியிலிருந்து இடம் மாறிவிடும், பிஎஃப் தளத்துக்கு அது தெரியவே தெரியாது. இதனால் இரண்டு ஆபத்துகள் வருகின்றன. ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண் நிரந்தரமாகத் துண்டிக்கப்பட்டால், குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். ஊருக்குப் போகும்போது ஒரு சிம், இங்கே வந்தால் ஒரு சிம் என்று மாற்றுகிறவர்களுக்கு இது தினசரி நடக்கிற விஷயம். மற்றது, உங்கள் பெயரில் யாரோ மாற்று சிம் வாங்குவது. அப்படி நடந்தால் உங்கள் போனில் திடீரென்று சிக்னல் போய்விடும், பக்கத்தில் அதே நிறுவன சிம் வைத்திருப்பவருக்கு மட்டும் இருக்கும். அரை மணி நேரத்துக்கு மேல் அப்படி இருந்தால் நெட்வொர்க் கோளாறு என்று விட்டுவிடாமல் வேறு போனிலிருந்து சிம் நிறுவனத்தைக் கூப்பிட வேண்டும்.

பிஎஃப் விஷயத்தில் கைப்பேசி எண் ஒரே இடத்தில் மட்டும் பதிவாகி இருப்பதில்லை. யுஏஎன்னில் ஒன்று, ஆதாரில் ஒன்று, சம்பள வங்கிக் கணக்கில் ஒன்று. மூன்றும் வேறு வேறு அலுவலகங்களின் பதிவேடுகள், ஒன்றில் மாற்றினால் மற்றதில் மாறாது. யுஏஎன்னில் உங்கள் எண் இருந்தும் பணம் எடுக்கும் நேரத்தில் ஓடிபி வராமல் தவிப்பவர்கள் பலர். அந்த இடத்தில் தளம் கேட்பது ஆதாரில் பதிவான எண்ணுக்கு வரும் ஓடிபியை. அதனால் முதலில் சரிபார்க்க வேண்டியது ஆதார்தான். ஆதாரில் பழைய எண் இருந்தால் ஆதார் மையத்துக்கோ, அந்தச் சேவை உள்ள அஞ்சலகத்துக்கோ நேரில் போய் விரல் ரேகை வைத்து மாற்றிக்கொள்ளலாம்.

யுஏஎன்னில் எண்ணை மாற்றுவது அதைவிட எளிது. உள்ளே நுழைய முடிகிறவர்கள் Manage என்பதன் கீழே Contact Details போய், புது எண்ணை இருமுறை அடித்து, அந்தப் புது எண்ணுக்கு வரும் சரிபார்ப்பு எண்ணைக் கொடுத்தால் போதும். அந்தத் தம்பியைப் போல் உள்ளேயே போக முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. "Forgot Password" பக்கத்தில், திரையில் காட்டும் எண்ணுக்கு ஓடிபி அனுப்பலாமா என்று கேட்கும்போது "இல்லை" என்று சொல்ல வேண்டும். பெயர், பிறந்த தேதி, பாலினம், அதன் பிறகு ஆதார் விவரம் ஆகியவை பதிவேட்டோடு பொருந்தினால் புது எண்ணைப் பதிய விடும். பொருந்தாவிட்டால் பெரும்பாலும் காரணம் இனிஷியல்தான். ஆதாரில் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர் முழுதாக இருக்கும், கான்ட்ராக்டர் பதிந்ததில் முன்னால் ஒற்றை எழுத்து மட்டும் இருக்கும். கணினிக்கு அவர்கள் இரண்டு ஆட்கள். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைந்திருக்கிறது. 2025 ஆகஸ்ட் முதல் புது யுஏஎன் பொதுவாக உமங் செயலியில் முகத்தைக் காட்டி உருவாக்கப்படுகிறது. ஆதாரிலிருக்கும் பெயரே நேராக வந்துவிடும், சூப்பர்வைசரின் எண்ணுக்கு அங்கே வேலை இல்லை.

எண் மாறிவிட்டதா என்று உறுதி செய்ய எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு. பதிவான எண்ணிலிருந்து 9966044425க்கு ஒரு மிஸ்டு கால். மணி அடித்துத் தானே துண்டிக்கும், காசு ஆகாது. கொஞ்ச நேரத்தில் கடைசிப் பங்களிப்பும் இருப்பும் குறுஞ்செய்தியாக வந்தால், யுஏஎன் செயல்பாட்டில் இருக்கிறது, எண்ணும் உங்களுடையதுதான். தமிழில் செய்தி வேண்டுமென்றால் 7738299899க்கு இதை அப்படியே அனுப்பலாம்:

```
EPFOHO UAN TAM
```

இனி தளத்தின் முகவரிக்கு வருவோம். கூகுளில் "பிஎஃப் பாஸ்புக்" என்று தேடினால் உண்மையான தளத்தோடு அதன் வேடம் போட்ட தளங்களும் வரக்கூடும். வாட்ஸப்பில் வரும் இணைப்புகளைச் சொல்லவே வேண்டாம். முகவரியின் இடது பக்கம் ஒரு பூட்டுப் படம் தெரிந்தால் பத்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் பூட்டு சொல்வது ஒன்றே ஒன்றைத்தான்: உங்கள் போனுக்கும் அந்த முகவரிக்கும் நடுவே போகிற எழுத்துகளை வேறு யாரும் படிக்க முடியாது. அந்த முகவரி யாருடையது என்று அது சொல்லாது. திருடனும் தன் தளத்துக்கு இலவசமாகவே ஒரு பூட்டு வாங்கிக்கொள்ளலாம்.

முகவரி யாருடையது என்று தெரிய அதை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். நம் ஊர் அஞ்சல் முகவரியில் வீட்டு எண் முதலில், மாநிலம் கடைசியில் வருவது போலத்தான் இதுவும். `https://` என்பதற்குப் பிறகு வரும் முதல் சாய்கோடு வரை எடுத்துக்கொண்டு, கடைசியிலிருந்து பாருங்கள்.

```
passbook.epfindia.gov.in
unifiedportal-mem.epfindia.gov.in
```

கடைசியில் `in`, அதற்கு முன் `gov`. இந்த `gov.in` என்ற முடிவு அரசு அமைப்புகளுக்கு மட்டுமே ஒதுக்கப்படுகிறது, காசு கொடுத்தால்கூடத் தனியாருக்குக் கிடைக்காது. அதற்கு முன் `epfindia`, அதுதான் அமைப்பு. அதற்கும் முன்னால் இருப்பவை அந்த அமைப்பு தன் வீட்டுக்குள் வைத்திருக்கும் அறைகள். `epfindia.gov.in` என்பதற்குப் பின்னால் சாய்கோடு வராமல் ஒரு புள்ளியும் வேறு ஒரு பெயரும் வந்தால், அந்தக் கடைசிப் பெயர்தான் வீட்டுக்காரர், முன்னால் இருப்பதெல்லாம் வாசலில் மாட்டிய போலிப் பலகை. புள்ளிக்குப் பதில் சிறுகோடு போட்டு `epfindia-gov` என்று எழுதியிருந்தாலும் அது வேறு வீடு. சின்னத் திரையில் முகவரியின் வால் மறைந்துவிடும் என்பதால் அதை ஒருமுறை தொட்டு இழுத்துப் பார்ப்பது நல்லது. இன்னும் எளிது, ஒருமுறை சரியாக அடித்து உள்ளே போனதும் அந்தப் பக்கத்தை போனில் குறித்து வைத்துக்கொண்டு, பிறகு எப்போதும் அதன் வழியாகவே போவது.

ஓடிபி வந்ததும் எல்லோரும் இலக்கங்களை மட்டும் பார்க்கிறார்கள். அந்தக் குறுஞ்செய்தியில் ஒரு வாக்கியமும் இருக்கிறது, எதற்காக இந்த எண் என்று. பாஸ்புக் பார்க்கத்தான் உட்கார்ந்தீர்கள், ஆனால் வந்த செய்தி பணம் கோரும் விண்ணப்பத்தைப் பற்றிப் பேசினால், உங்கள் கையால் வேறு யாரோ கையெழுத்து வாங்குகிறார்கள் என்று பொருள். முன்பெல்லாம் யுஏஎன்னில் வங்கிக் கணக்கைச் சேர்க்க நிறுவனத்தின் ஒப்புதலும் வேண்டும். 2025 ஏப்ரலில் அந்த ஒப்புதல் நீக்கப்பட்டது. இப்போது பெயர் பொருந்துகிறதா என்று வங்கியிடம் கேட்டுவிட்டு முடித்துவிடுகிறார்கள். தொழிலாளிக்கு இது பெரிய நிம்மதி, கையெழுத்துக்காக மூடிப்போன கான்ட்ராக்டரைத் தேடி அலைய வேண்டாம். ஆனால் நடுவே இருந்த ஒரு காவல் போய்விட்டது, ஓடிபியின் எடை கூடிவிட்டது. ஆகவே மொத்தமாகக் கணக்குத் திறந்து ஏடிஎம் கார்டை வேறொருவர் வைத்திருக்கிற வங்கிக் கணக்கு யுஏஎன்னோடு இணைந்திருந்தால் அதை முதல் வேலையாக மாற்றுங்கள். Manage கீழே KYC பக்கத்தில் எந்தக் கணக்கு இருக்கிறது என்று தெரியும்.

தம்பிக்குப் புது எண் பதிவாயிற்று, கடவுச்சொல்லும் வைத்தாயிற்று. உடனே பாஸ்புக் தளத்தில் அடித்தால் தவறான கடவுச்சொல் என்றது. பதற்றத்தில் இன்னும் இரண்டு முறை அடித்தார். இது திருட்டும் இல்லை, தவறும் இல்லை. உறுப்பினர் தளமும் பாஸ்புக் தளமும் தனித்தனியாக இயங்குகின்றன, ஒன்றில் செய்த மாற்றம் மற்றதில் வர ஆறு மணி நேரம் ஆகும். இரவு ஷிப்ட் முடிந்து மறுநாள் காலையில் பார்த்தார், திறந்தது. அவசரக்காரர்களுக்கு உறுப்பினர் தளத்திலேயே "Passbook Lite" என்று சுருக்கமான ஒன்று 2025 செப்டம்பரில் வந்துவிட்டது. ஆனால் மாத வாரியாகச் சரிபார்க்க முழுப் பாஸ்புக்தான் வேண்டும்.

பாஸ்புக்கில் அவர் என்ன பார்த்தார் என்று சொல்கிறேன். உறுப்பினர் எண்ணைத் தேர்ந்தெடுத்து, நிதியாண்டைத் தேர்ந்தெடுத்ததும் மாதம் ஒரு வரியாக விரிந்தது. அவருடைய அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 13,500 ரூபாய். அதில் 12 சதவீதம், 1,620 ரூபாய், தொழிலாளியின் பங்கு. சம்பளச் சீட்டிலும் அதே 1,620. நிறுவனமும் அதே 1,620ஐப் போட வேண்டும், ஆனால் அது பாஸ்புக்கில் இரண்டாகப் பிரிந்து நிற்கும். சம்பளத்தில் 8.33 சதவீதம், 1,125 ரூபாய், ஓய்வூதியத் திட்டத்துக்கு. மீதி 495 ரூபாய் வைப்பு நிதிக்கு. "முதலாளி 495தான் போட்டிருக்கார்ணா" என்று கோபப்பட்டவர், பக்கத்துப் பத்தியைச் சேர்த்துக் கூட்டிக் காட்டியதும் அமைதியானார். சம்பளம் 15,000க்கு மேல் இருந்தாலும் ஓய்வூதியப் பத்தியில் 1,250க்கு மேல் வராது. 2014 செப்டம்பரிலிருந்து அந்த உச்சவரம்பு 15,000 ரூபாய்தான்.

இன்னொரு இடத்தில் எல்லோரும் குழம்புவார்கள். ஏப்ரல் மாதச் சம்பளத்துக்கான வரியில் Due-Month 052025 என்று இருக்கும். ஏப்ரல் வேலைக்கான பணத்தை நிறுவனம் மே 15க்குள் கட்ட வேண்டும், அதனால் அது மே மாதத்துக்கான பாக்கியாக எழுதப்படுகிறது. ஆக இந்த மாதம் வேலை செய்த பணம் அடுத்த மாதம் இருபது தேதிக்குள் தெரியவில்லையென்றால் அப்போது கவலைப்பட்டால் போதும். பிஎஃப் அலுவலகம் கணக்கை ஒப்பிட்டு முடித்த வரிகள்தான் பாஸ்புக்கில் ஏறும் என்பதால் இன்னும் சில நாள் தாமதம் ஆகலாம். அப்படியே இரண்டு மாதம் வரி விடுபட்டு, சம்பளச் சீட்டில் மட்டும் 1,620 பிடித்தம் தொடர்ந்தால், அது தாமதம் இல்லை. அந்த மாதங்களின் சம்பளச் சீட்டையும் பாஸ்புக்கையும் வைத்து `epfigms.gov.in` தளத்தில் புகார் பதியலாம். பிஎஃப் சார்ந்த எந்தச் சந்தேகத்துக்கும் 14470 என்ற கட்டணமில்லா எண்ணும் இருக்கிறது. சம்பளத்தில் பிடித்த பங்கைக் கட்டாமல் வைத்துக்கொள்வது வெறும் பாக்கி அல்ல, நம்பிக்கை மோசடிக் குற்றம்.

இவ்வளவும் பார்த்த பிறகு தம்பி கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. "எல்லாத்துக்கும் வட்டி போட்டிருக்காங்க. பென்ஷன் பத்திக்கு மட்டும் போடலையேண்ணா?"

போட மாட்டார்கள். ஓய்வூதியப் பத்தியில் இருப்பது உங்கள் பெயரில் வளர்கிற சேமிப்பு இல்லை. அது 1995ஆம் ஆண்டின் ஓய்வூதியத் திட்டத்தின் பொதுக் குளத்தில் போய்க் கலந்துவிடுகிறது. 58 வயதில் உங்களுக்குக் கிடைக்கப்போகும் தொகை அந்தப் பத்தியின் கூட்டுத் தொகையைப் பொறுத்ததே இல்லை. கடைசி 60 மாதங்களின் சராசரிச் சம்பளத்தை உங்கள் பணி ஆண்டுகளால் பெருக்கி, 70ஆல் வகுப்பார்கள். வகுக்கிற எண் மாறாது, சம்பளத்துக்கும் உச்சவரம்பு இருக்கிறது. ஆகவே உண்மையில் உங்கள் சொத்து அந்த நடு எண்தான், எத்தனை ஆண்டு வேலை செய்தீர்கள் என்பது. அதனாலேயே ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது வைப்பு நிதித் தொகை நகர்ந்து வந்து, ஓய்வூதியப் பத்தி பூஜ்யமாக நிற்கும். பலர் பணம் போய்விட்டது என்று பதறுகிறார்கள். ஓய்வூதியத்தில் நகர்வது பணிக்காலம். அதைப் பாஸ்புக்கில் தேடக் கூடாது, உறுப்பினர் தளத்தில் View கீழே Service History என்ற பக்கத்தில் பார்க்க வேண்டும்.

அந்தப் பக்கத்தைத் திறந்தோம். இரண்டு நிறுவனங்கள் இருந்தன. ஆனால் அவர் மூன்று இடத்தில் வேலை செய்தவர். 2015 ஜூன் முதல் 2019 ஜூலை வரை முதல் இடம், 50 மாதம். 2019 செப்டம்பர் முதல் 2022 செப்டம்பர் வரை இரண்டாவது, 37 மாதம். 2022 அக்டோபரிலிருந்து இப்போதைய இடம், 2025 செப்டம்பர் வரை எண்ணினால் 36 மாதம். முதல் ஐம்பது மாதத்தைக் காணோம்.

இரண்டாவது இடத்தில் சேரும்போது ஏற்கெனவே பிஎஃப் இருக்கிறதா என்ற கேள்விக்கு யாரோ "இல்லை" என்று நிரப்பியிருக்கிறார்கள். அதனால் இரண்டாவது யுஏஎன் உருவாகிவிட்டது. பழைய யுஏஎன்னில் ஆதார் இணைக்கப்படவே இல்லை, அதனால் கணினியும் இருவரையும் ஒருவராக அடையாளம் காணவில்லை. ஓய்வூதியம் கிடைக்கக் குறைந்தது பத்தாண்டுப் பணி வேண்டும். புது யுஏஎன்னில் மட்டும் பார்த்தால் 73 மாதம், ஆறு ஆண்டும் ஒரு மாதமும். மூன்றையும் சேர்த்தால் 123 மாதம், பத்து ஆண்டும் மூன்று மாதமும். அதாவது இந்த மனிதர் ஓய்வூதிய உரிமையைச் சம்பாதித்துவிட்டார், ஆனால் அது அவருக்குத் தெரியாது. சராசரிச் சம்பளத்தை 13,500 என்றே வைத்துக்கொண்டால், அந்தப் பத்தாண்டுக்கு மட்டும் 58 வயதில் மாதம் சுமார் 1,928 ரூபாய். தொலைந்துபோன நான்கு ஆண்டுகளின் பங்கு மட்டும் அதில் 771 ரூபாய், ஆயுள் முழுக்க.

பழைய நிறுவனத்தில் கொடுத்த கசங்கிய சம்பளச் சீட்டு ஒன்று ஊரில் டிரங்குப் பெட்டியில் இருந்தது. அம்மா அதைப் போட்டோ எடுத்து அனுப்பினார்கள். அதில் பழைய யுஏஎன்னும் உறுப்பினர் எண்ணும் இருந்தன. அந்தப் பதிவில் பெயரின் இனிஷியல் மட்டும் வித்தியாசம். அதைத் திருத்த நிறுவனமும் தொழிலாளியும் சேர்ந்து தரும் கூட்டு அறிவிப்பு வேண்டும். பிறகு புது யுஏஎன்னில் Online Services கீழே One Member – One EPF Account பக்கத்தில் பழைய உறுப்பினர் எண்ணைக் கொடுத்து மாற்றக் கோரிக்கை. அதற்கும் முன்னால் பழைய இடத்தில் வேலையை விட்ட தேதி பதிவாகியிருக்க வேண்டும். நிறுவனம் பதியாவிட்டால், கடைசிப் பங்களிப்பு முடிந்து இரண்டு மாதத்துக்குப் பிறகு Manage கீழே Mark Exit வழியாகத் தொழிலாளியே ஆதார் ஓடிபி கொடுத்துப் பதியலாம். ஆனால் அதற்குப் பழைய யுஏஎன்னில் ஆதார் இருந்திருக்க வேண்டும், இவருக்கு இல்லை. ஆதலால் தாம்பரம் பிஎஃப் அலுவலகம்தான் போக வேண்டியிருந்தது. நல்லவேளை, முதல் வேலையை விட்டபோது ஓய்வூதியப் பங்கை 10C படிவம் போட்டு எடுக்கவில்லை. பத்தாண்டுக்குக் குறைந்த பணிக்கு அந்தப் படிவத்தில் கொஞ்சம் பணம் கிடைக்கும். அந்தப் பணத்தை வாங்கினால் அந்த ஆண்டுகள் கணக்கிலிருந்து போய்விடும். தீபாவளிச் செலவுக்காக அதை வாங்கியவர்களை எனக்குத் தெரியும், அதில் எத்தனை ஆண்டுகளை விற்றோம் என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை.

கடைசியாகப் பாஸ்புக்கின் பிடிஎஃப் கோப்பு. பாஸ்புக் பக்கத்தில் Download அழுத்தினால் அது போனில் இறங்கும். அதில் பெயர், யுஏஎன், உறுப்பினர் எண், நிறுவனம், இருப்பு எல்லாம் ஒரே தாளில் இருக்கின்றன. இதைத்தான் பலர் பிரவுசிங் சென்டரில் இறக்கி, கடைக்காரர் வாட்ஸப் வழியாக அனுப்பச் சொல்லி, அங்கேயே விட்டுவிட்டு வருகிறார்கள். உங்களைக் கூப்பிடுகிற மோசடிக்காரர் "உங்க பிஎஃப்ல இவ்வளவு ரூபாய் இருக்கு, இந்தக் கம்பெனியில இந்த மாசம் சேர்ந்தீங்க" என்று சரியாகச் சொன்னால் யாருக்கும் நம்பிக்கை வந்துவிடும். அந்த நம்பிக்கையை அவருக்குக் கொடுப்பது இந்தத் தாள். பிஎஃப் அலுவலகம் போனில் யாரிடமும் ஆதார், யுஏஎன், ஓடிபி கேட்பதில்லை. வேறு வழியே இல்லாமல் கடையில் இறக்கினால், அங்கே உட்கார்ந்து நீங்களே கடவுச்சொல்லை அடித்து, Downloads கோப்புறையிலிருந்தும் குப்பைத் தொட்டியிலிருந்தும் கோப்பை அழித்து, தளத்திலிருந்து வெளியேறிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் கடவுச்சொல்லை மாற்றுங்கள். யாரிடமாவது ஏமாந்து ஓடிபி சொல்லிவிட்டால் உடனே 1930ஐக் கூப்பிட வேண்டும். முதல் சில மணி நேரத்தில்தான் பணத்தை வழியிலேயே நிறுத்த முடியும்.

தம்பி ஆண்டுக்கு ஒரு கோப்பாக 2019 முதல் எல்லாப் பாஸ்புக்கும் இறக்கி, ஊரிலிருக்கும் அம்மாவின் போனுக்கும் ஒரு நகல் அனுப்பி வைத்தார். அன்று சாயங்காலம் அறையிலிருந்த மற்ற ஐவரும் அதே "Forgot Password" பக்கத்தைத் திறந்து, அந்தக் கடைசி நான்கு இலக்கங்களைப் பார்த்தார்கள். இரண்டு பேருக்கு வேறு யாருடைய எண்ணோ இருந்தது. அதில் ஒன்று, தம்பி கணக்கில் இருந்த அதே நான்கு இலக்கம்.